மேலே எறிந்த கல்லும் மூன்று தவறான விடைகளும்: கேள்வி பதில்

கேள்வி: பலவுள் தெரிவு வினாவில் சரியான விடையை எழுதிவிடுகிறேன். தவறான மூன்றை எங்கிருந்து எடுப்பது, ஐயா?

பதில்: மாணவர்களிடமிருந்துதான். முதலில் தெரிவுகள் இல்லாமல் கேளுங்கள்: "மேல்நோக்கி எறியப்பட்ட கல் கையை விட்டு விலகிய பின், உயர்ந்துகொண்டிருக்கையில் அதன்மீது செயல்படும் விசைகள் யாவை? காற்றுத்தடையை விட்டுவிடுக." எழுதி வருவதைத் தொகுத்தால் சில எண்ணங்கள் திரும்பத் திரும்பத் தென்படும். கை கொடுத்த விசை கல்லோடு சென்று சிறிதுசிறிதாகத் தீர்கிறது என்பர் பலர். உச்சியை அடைந்த பிறகே ஈர்ப்பு செயல்படத் தொடங்குகிறது என்பர் சிலர். அவற்றை அவர்கள் எழுதிய சொற்களிலேயே தெரிவுகளாக்குங்கள். பாடநூல் நடைக்கு மாற்றினால் தம் எண்ணத்தை அவர்களே அடையாளம் காணமாட்டார்கள். 1992-இல் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் மூவரும் வெளியிட்ட, விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்ற பலவுள் தெரிவு வினாத்தொகுப்பின் தவறான விடைகளும் இவ்வகை எண்ணங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை.

கேள்வி: ஈர்ப்பு முடுக்கத்தைக் கேட்டு, சரியான விடையான 9.8-க்குப் பக்கத்தில் 98, 0.98 என்று கொடுத்தாலும் தவறுபவர் அகப்படுவாரே?

பதில்: அகப்படுவார், ஆனால் தசமப்புள்ளியில் தடுமாறினார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. எண்களே கூடாது என்பதில்லை. உச்சியில் கல்லின் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டு 0 என்பதை ஒரு தெரிவாக வையுங்கள். திசைவேகம் சுழியானால் முடுக்கமும் சுழிதான் என்று நம்புபவர் நேராக அங்கே போய்ச் சேருவார்.

கேள்வி: எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர்களே 'குறைந்துகொண்டே வரும் மேல்நோக்கு விசை' என்பதைத் தேர்ந்தார்கள். நான் கேட்டது, "கல் மேலே எறியப்படும்போது அதன்மீதுள்ள விசைகள் யாவை?" என்பதுதான்.

பதில்: அந்த 'எறியப்படும்போது' என்ற சொல்லைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கல் இன்னும் கையில் இருப்பதாக அவர்கள் எண்ணியிருந்தால் மேல்நோக்கு விசை உண்மையிலேயே உண்டு. 'கையை விட்டு விலகிய பின்' என்று திருத்தி மறுபடி கேளுங்கள். அப்போதும் அதையே தேர்ந்தால் அது நம்பிக்கைதான். v = u − gt என்ற சமன்பாட்டில் பிழையின்றிக் கணக்குப் போடுபவரிடமும் இந்த நம்பிக்கை அசையாமல் இருக்கக்கூடும்.

கேள்வி: அப்படியென்றால் மாணவரைச் சிக்கவைக்கும் சூழ்ச்சி வினாக்களை எழுதச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை. சூழ்ச்சி வினாவில் சரியாகப் புரிந்துகொண்டவரும் வழுக்கி விழுவார். இங்கே அவருக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது.

கேள்வி: ஒரு தெரிவைக் குறித்துவிட்டால் அதை அவர் நம்புகிறார் என்று சொல்லிவிடலாமா?

பதில்: ஒரே வினாவை வைத்துச் சொல்ல முடியாது, நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதே எண்ணத்தை வேறொரு சூழலில் வைத்துக் கேளுங்கள்: உராய்வற்ற பரப்பில் தட்டிவிடப்பட்டுச் சீரான வேகத்தில் செல்லும் கேரம் காயின்மீது, அது செல்லும் திசையில் விசை உண்டா? இரண்டிலும் 'உண்டு' என்பவர் இயக்கத்திற்கு விசை வேண்டும் என்று நம்புகிறார் எனலாம். கல்லுக்கு உண்டு, காய்க்கு இல்லை என்பவரை என்ன சொல்வது? மாணவரிடம் இருப்பது ஒழுங்கான ஒரு தவறான கோட்பாடா, சூழலுக்கேற்ப மாறும் துண்டு எண்ணங்களா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நான் அத்தகையவரின் தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிறுத்துவதில்லை. அழைத்துக் காரணத்தைக் கேட்கிறேன்.