தேர்வு மண்டபம் வரை வருபவர் எத்தனை பேர்? இணையவழிப் படிப்புகள் பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டை, பணியில் இருப்பவர்: இலவச இணையப் படிப்புகளில் சேர்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தானே கம்பெனிகள் அந்தச் சான்றிதழை மதிப்பதில்லை?

முதல் பாதியில் சொன்ன எண் ஏறக்குறையச் சரி. இரண்டாம் பாதி அதிலிருந்து வரவில்லை. உங்கள் சான்றிதழைக் கையில் வாங்கும் மேலாளர், அந்தப் படிப்பை எத்தனை பேர் கைவிட்டார்கள் என்று பார்ப்பதில்லை.

அந்தத் தொண்ணூற்றைந்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். 2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய மின்சுற்றுகள் பாடத்தின் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. அதில் 1,54,763 பேர் பதிவு செய்தார்கள். 7,157 பேர் சான்றிதழ் பெற்றார்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆனால் முதல் வீட்டுப்பாடத்தில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 26,349 பேர்தான். மற்றவர்களைப் படிக்கத் தொடங்கிப் பின் விட்டவர்கள் என்று சொல்வதே கடினம். அவர்களில் பெரும்பாலோர் வாசலோடு திரும்பியவர்கள். இடைத்தேர்வில் மதிப்பெண் பெற்ற 10,547 பேரை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டால், முடித்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. ஒரே பாடம், ஒரே மாணவர்கள்; எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அதற்கேற்ப விடை மாறுகிறது.

எம்ஐடி, ஹார்வர்டு இணையப் பாடங்களைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. 2017-18-இல் சேர்ந்தவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டால் முடித்தவர்கள் ஏறக்குறைய 3 விழுக்காடு. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களை மட்டும் எடுத்தால் 46 விழுக்காடு. பணம் கட்டியதால்தான் முடித்தார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது, ஏனெனில் முடிக்க வேண்டும் என்று முன்பே தீர்மானித்தவர்கள்தான் பணம் கட்டியிருப்பார்கள். என்றாலும், 46 என்பதும் பாதிக்குக் குறைவுதான் என்பதை மறக்கக் கூடாது.

அம்பாசமுத்திரம், மூன்றாம் ஆண்டு மாணவி: எங்கள் கல்லூரியில் எல்லோரையும் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடத்தில் சேரச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரப் பாடம். அசைன்மென்ட் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டேன். ஆயிரம் ரூபாய் கட்டித் தேர்வு எழுதத்தான் வேண்டுமா?

சான்றிதழ் வேண்டுமானால் எழுதியே ஆக வேண்டும். பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து, மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வேண்டும். பெரும்பாலோர் நின்றுவிடுவது இந்தப் படியில்தான். கல்லூரி சொன்னதற்காக ஒரு வகுப்பே சேர்ந்து, தேர்வுக்கு அதில் சிலர் மட்டும் பதிவதைப் பல கல்லூரிகளில் பார்த்திருக்கிறேன். அப்படிச் சேர்ந்தவர்களை இடைநின்றவர்கள் என்று கணக்கில் எழுதுவது அவர்களுக்கும் நியாயமில்லை, படிப்புக்கும் நியாயமில்லை.

மதிப்பெண் கணக்கைச் சொல்கிறேன். பன்னிரண்டு அசைன்மென்டுகளில் சிறந்த எட்டின் சராசரி 25-க்கு மாற்றப்படும். தேர்வு மதிப்பெண் 75-க்கு மாற்றப்படும். முதலாவதில் 10-ம் இரண்டாவதில் 30-ம் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். உங்களுக்கு அசைன்மென்டில் 25 முழுதாகக் கிடைத்து, தேர்வில் நூற்றுக்கு 36 எடுத்தீர்கள் என்று வையுங்கள். 36 என்பது 75-க்கு 27 ஆகும். மொத்தம் 52 வந்தும் சான்றிதழ் கிடையாது. உங்கள் தோழி அசைன்மென்டில் 18 மட்டும் பெற்று, தேர்வில் நூற்றுக்கு 48 எடுத்தால், அது 36 ஆகி மொத்தம் 54 வரும். அவருக்குச் சான்றிதழ் உண்டு. 60-ஐத் தொட்டால் எலைட் என்ற குறிப்பும், 75 முதல் வெள்ளியும், 90 முதல் தங்கமும் சேரும்.

அசைன்மென்டில் விடையை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போட்டவர்களைத் தேர்வு காட்டிக்கொடுத்துவிடும். சான்றிதழில் இரண்டு மதிப்பெண்களும் தனித்தனியாக அச்சாகின்றன. 25-க்கு 25-ம், 75-க்கு 31-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு என்பதையும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள், பலருக்குத் தெரிவதில்லை.

கோயம்புத்தூரில் ஆளெடுப்புப் பிரிவில் இருக்கும் கல்லிடைக்குறிச்சிக்காரர்: நேரில் எழுதும் தேர்வு இல்லாத சான்றிதழ்களை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு சான்றிதழ் அடுக்கியவரைவிட, ஒரே பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்து அதில் கேட்டால் பதில் சொல்பவரை எடுக்கிறோம். ஆனால் இந்த வடிகட்டலில் திறமைசாலிகளையும் இழக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

நீங்கள் சொல்வது என் அனுபவத்தோடு பொருந்துகிறது. உங்கள் சந்தேகமும் நியாயமானது. இணையவழிப் படிப்பில் ஆட்களை உதிர்க்கும் அதே படிதான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பையும் தருகிறது. தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று தளர்த்தினால் முடிப்பவர் எண்ணிக்கை ஏறும். உங்களைப் போன்றவர் அதை நம்புவது குறையும். மறுபக்கம், பணகுடியிலிருந்தோ கடையத்திலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மையத்துக்கு வர வேண்டியவருக்கு, அந்தப் படி திறமையைச் சோதிப்பதற்கு முன்பே வசதியைச் சோதித்துவிடுகிறது. இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. நீங்கள் உங்கள் அளவில் செய்யக்கூடியது, சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கும் உங்கள் அலுவலகத்திலேயே அரை மணி நேரச் சோதனை ஒன்றை வைப்பது. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, பட்டம் கேட்காமல் ஆளெடுத்துப் பயிற்சி தருவதைப் பல ஆண்டுகளாகவே செய்துவருகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அது கண்ணெதிரே இருக்கும் சான்று.

நாங்குநேரி, பி.சி.ஏ. பட்டதாரி: அண்ணாச்சி, ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று யுஜிசி சொல்கிறது. விண்ணப்பப் படிவத்தில் ‘முழுநேரப் படிப்பு மட்டும்’ என்று போட்டிருக்கிறார்கள். இது சட்டவிரோதம் இல்லையா?

யுஜிசியின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, அங்கீகாரம் பெற்ற இணையவழி இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் வழக்கமான முறையில் பெற்ற பட்டங்களுக்கு இணையானவை. 2022 செப்டம்பரில் அதை மறுபடியும் அறிவித்தார்கள். நீங்கள் எம்.சி.ஏ. சேரப் போகும்போதும், பட்டத் தகுதி கேட்கும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த விதி உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் தனியார் நிறுவனம் புதியவர்களை எடுக்கும்போது யாரை அழைப்பது என்று தானே வகுக்கும் நிபந்தனையை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. ஆயிரக்கணக்கில் வரும் விண்ணப்பங்களைச் சுருக்குவதற்கு அறுபது விழுக்காடு, அரியர் இல்லாமை, முழுநேரப் படிப்பு என்று மூன்று கட்டங்களைப் போட்டு, கணினியிலேயே தள்ளிவிடுகிறார்கள். உங்கள் திறமையை யாரும் எடைபோட்டுப் பார்த்து நிராகரிக்கவில்லை. அதைப் பார்க்கும் நிலைக்கே விண்ணப்பம் போகவில்லை.

வேலை கொடுப்பவர்களிடம் தயக்கம் இருப்பதும் உண்மை. அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலைகளுக்கு அனுப்பிச் செய்த ஆய்வொன்று 2016-இல் வந்தது. லாப நோக்கில் நடக்கும் இணையவழி நிறுவனத்தில் வணிகப் பட்டம் பெற்றதாகக் காட்டியவர்களுக்கு, எளிதில் இடம் கிடைக்கும் அரசுக் கல்லூரிப் பட்டதாரிகளைவிட நேர்காணல் அழைப்பு 22 விழுக்காடு குறைவாக வந்தது. அங்கே லாப நோக்கும் இணையவழியும் சேர்ந்தே இருப்பதால், குறை எதனுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த எண்ணை அப்படியே திருநெல்வேலிக்குக் கொண்டுவரவும் கூடாது.

உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். அந்தக் கட்டத்தில் ‘முழுநேரம்’ என்று மாற்றிக் குறித்துவிடாதீர்கள். சேர்ந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். வேலை போவதோடு, அடுத்த இடத்துக்கும் அது தொடரும். சிறிய நிறுவனங்களில் நேரடியாக விண்ணப்பித்து இரண்டு ஆண்டு அனுபவம் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவர்களை எடுக்கும்போது பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்தில் இவ்வளவு கடுமை காட்டுவதில்லை.

சங்கரன்கோவில், ஒரு தந்தை: வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்டடி சென்டரில் பி.இ. சிவில் ஆன்லைனில் முடிக்கலாம் என்றார்கள். சுயம் அரசுத் திட்டம்தானே, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்கிறார்கள். பையனைச் சேர்க்கலாமா?

தயவுசெய்து சேர்க்க வேண்டாம். சுயம் தருவது தனித்தனிப் பாடங்களுக்கான சான்றிதழ். கல்லூரியில் படிப்பவர் அதன் மதிப்புப் புள்ளிகளைத் தம் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாமே தவிர, அது தானாகப் பட்டம் ஆகாது. பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம், வேளாண்மை போன்றவற்றைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அந்தப் பட்டத்தை வைத்துப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களும் அதில் மாட்டினார்கள்.

சென்னை ஐஐடியின் இணையவழிப் பட்டத்தை உதாரணம் காட்டுவார்கள். அது தரவு அறிவியலில் பி.எஸ். பட்டம், பி.டெக். இல்லை. அதிலும் பெரும்பாலோர் நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வை நேரில் எழுதித்தான் உள்ளே போகிறார்கள். பிறகு வரும் தேர்வுகளும் மையத்தில்தான். இடையில் நிறுத்துபவருக்கு முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும் என்பது அதன் நல்ல ஏற்பாடு.

வேறு படிப்பு எதுவானாலும், பணம் கட்டும் முன் `deb.ugc.ac.in` தளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தப் படிப்பும், நீங்கள் சேரும் அந்த ஆண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று மூன்றையும் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

முக்கூடல், இல்லத்தரசி: வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே ஆன்லைனில் பி.காம். சேர்ந்தேன். இரண்டாவது செமஸ்டரோடு நின்றுவிட்டது. அதை முடித்தால்தான் குரூப் 4 எழுத முடியுமா?

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், அம்மா. அதற்கு இப்போதே படிக்கத் தொடங்கலாம். பட்டம் தேவைப்படுவது குரூப் 2 போன்றவற்றுக்கு. அப்போது பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பார்கள்.

நின்றுபோன படிப்பைப் பொறுத்தவரை, முதல் செமஸ்டரில் எத்தனை தாள்கள் தேர்ச்சி என்பதை முதலில் பாருங்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மூன்று விவரம் எழுதிக் கேளுங்கள்: சேர்க்கை இன்னும் நடப்பில் உள்ளதா, எந்த ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், மறுசேர்க்கைக் கட்டணம் எவ்வளவு. தொலைபேசியில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாமல், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரே செமஸ்டரில் எல்லாத் தாள்களையும் எழுத முயலாமல், பழைய தாள்களில் இரண்டை மட்டும் முதலில் எழுத அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.