100 கிலோ ராகிக்கு எத்தனை கிலோ மாவு வர வேண்டும்?

கேள்வி: சின்ன யூனிட்டில் முளைகட்டிய ராகி மாவு போடுகிறோம். ஒரே 100 கிலோ ராகிக்கு ஒரு தடவை 85 கிலோ மாவு வருகிறது, இன்னொரு தடவை 79தான் வருகிறது. சேதாரம் எங்கே போகிறது என்று பேட்ச் ரிப்போர்ட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

தர்மபுரி பக்கம் இதே தொழிலில்தான் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் என் ரிப்போர்ட்டில் இரண்டே எண்கள் இருந்தன: போட்ட ராகி, வந்த மாவு. அதை நம்பி ஒரு மார்கழியில் மிஷின் பார்க்கும் அண்ணனிடம் பெரிய வாக்குவாதம். 82 கிலோவுக்கு மேல் வந்துகொண்டிருந்தது திடீரென்று 79.5 ஆகிவிட்டது, மாவு எங்கே அண்ணா என்று கேட்டுவிட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. குறைந்தது மாவு இல்லை, தண்ணீர்.

ராகியிலும் தண்ணீர் இருக்கிறது, மாவிலும் இருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவில் இல்லை. நன்றாகக் காய்ந்த ராகியில் 12 சதவீதம் ஈரம் இருந்தால், அறுவடை முடிந்த கையோடு களத்திலிருந்து வரும் புது ராகியில் 15 இருக்கும். நடுவில் ஊறவைக்கும்போது தண்ணீர் ஏறுகிறது, காயவைக்கும்போது இறங்குகிறது, அரைக்கும் சூட்டில் இன்னும் கொஞ்சம் போகிறது. அதனால் வெறும் எடைக்கு வெறும் எடை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரைக் கழித்துவிட்டு, உலர் எடையை மட்டும் ஒப்பிட வேண்டும். எக்செல்லில் B-யில் எடை, C-யில் ஈரப்பத சதவீதம் போட்டால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=B2*(100-C2)/100
```

என் நோட்டிலிருந்து ஒரு பேட்ச்சை முழுசாகச் சொல்கிறேன். ராகி 100 கிலோ, ஈரம் 12. ஆக உலர் எடை 88 கிலோ. சல்லடையில் கல், தூசி, உமி என்று 3.2 கிலோ போனது, மிச்சம் 96.8 கிலோ, உலர் எடையில் 85.2. பிறகு கழுவி, ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டு, காயவைத்து, முளை வேரைத் தேய்த்துப் புடைத்து எடுத்தபோது 86 கிலோ இருந்தது. ஈரம் 8, அதனால் உலர் எடை 79.1. இந்த ஒரு கட்டத்தில் மட்டும் 6.1 கிலோ காணவில்லை.

அதில் கண்ணுக்குத் தெரிவது பாதிகூட இல்லை. கழுவும்போது மிதந்த பொக்கைக் காயவைத்து நிறுத்தேன், 1.1 கிலோ. புடைத்த முளை வேர் 1.9 கிலோ. இரண்டும் சேர்ந்து உலர் எடையில் 2.8 கிலோதான். மீதி 3.3 கிலோவை யாரும் எடுக்கவில்லை, எங்கும் சிந்தவும் இல்லை. முளைக்கும்போது தானியம் மூச்சு விடுகிறது. தன்னிடம் உள்ள மாவுச்சத்தை எரித்துத்தான் முளை வளர்கிறது, அது கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. முளைகட்டிய மூட்டைக்குள் கை வைத்தால் சூடாக இருக்குமே, அந்தச் சூடு இதுதான். இன்னும் கொஞ்சம் ஊறிய தண்ணீரில் கரைந்து போகிறது. இந்த இழப்புக்கு ரிப்போர்ட்டில் தனி வரி கொடுங்கள். 'முளைப்பு இழப்பு' என்று பெயரோடு இருந்தால் யார் மேலும் பழி விழாது.

கடைசியில் அரைப்பு. மாவு 82.4 கிலோ, ஈரம் 7, உலர் எடை 76.6. அரைப்பில் 2.5 கிலோ குறைந்திருக்கிறது. சல்லடையில் நின்ற கப்பி அதில் 1.8. மீதி 0.7 மிஷினுக்குள் ஒட்டியதும் பறந்ததும். உலர் எடையில் 88-க்கு 76.6, அதாவது 87 சதவீதம்.

இப்போது அந்த மார்கழி பேட்ச்சைப் பாருங்கள். புது ராகி, ஈரம் 15, உலர் எடை 85 கிலோதான் உள்ளே போயிருக்கிறது. மாவு 79.5 கிலோ, ஈரம் 7, உலர் எடை 73.9. சதவீதம் போட்டால் அதே 87. மிஷின் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. நான்தான் மூட்டைக்கு 3 கிலோ தண்ணீரைக் கூடுதலாக விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். அந்த நோட்டை அண்ணனிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

உங்கள் 85 கிலோ பேட்ச்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் ஒரு மழை வாரத்தில் 85 வந்தது. சந்தோஷப்பட்டேன். மாவின் ஈரம் பார்த்தால் 11. உலர் எடை 75.7, அதாவது 86 சதவீதம், உண்மையில் குறைவு. வெயில் இல்லாமல் சரியாகக் காயாத தானியம் அது. மாவு பாக்கெட்டுக்குள் கட்டி கட்டியாகி, பூசண வாடை வந்து, கடைகளிலிருந்து திரும்பி வந்தது. எடை கூடினால் லாபம் என்று நினைக்காதீர்கள். முதலில் அந்த மாவின் ஈரத்தைப் பாருங்கள்.

ஈரம் பார்க்க, தானியத்துக்கு மீட்டர் போதும். மாவுக்கு அதே மீட்டரை நம்ப வேண்டாம். 10 கிராம் மாவை 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்து, 105 டிகிரி ஓவனில் வையுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மூடி போட்ட டப்பாவில் ஆறவிட்டு நிறுங்கள், திரும்ப அரை மணி வைத்து மறுபடி நிறுங்கள். எடை மாறாமல் நின்றால் சரி. 9.3 கிராம் இருந்தால் ஈரம் 7. மூட்டையின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் அடி, நடு, மேல் என்று கலந்து எடுங்கள்.

எடை போடுவதில் இரண்டு இடத்தில் தவறு வரும். ஒன்று சாக்கு. நனைந்த சாக்கும் காய்ந்த சாக்கும் ஒரே எடை இல்லை, வெறும் சாக்கை ஒவ்வொரு தடவையும் நிறுத்துக் கழியுங்கள். இன்னொன்று மிஷினில் தங்கும் மாவு. சுத்தம் செய்த பிறகு ஓட்டும் முதல் பேட்ச் எப்போதும் குறைத்துக் காட்டும், அடுத்தது அதைவிடக் கூட்டிக் காட்டும். ஒரு பேட்ச்சை வைத்து முடிவு பண்ணாமல், சுத்தம் செய்ததிலிருந்து அடுத்த சுத்தம் வரை உள்ள பேட்ச்களைக் கூட்டி ஒரே கணக்காகப் பாருங்கள்.

இந்த மாதிரி நாலு கட்டமாக எழுதினால் எந்த வரி ஆடுகிறது என்று நாலைந்து பேட்ச்சிலேயே தெரிந்துவிடும். சல்லடை இழப்பு ஏறினால் ராகி வாங்கிய இடத்தைப் பாருங்கள். அரைப்பு இழப்பு ஏறினால் சல்லடைத் துணியில் அடைப்பு இருக்கும், அல்லது மிஷின் பை இறுக்கமாக இருக்காது. எனக்கு ஆடியது முளைப்பு இழப்புதான். ஞாயிறு ஆள் வராததால் சனிக்கிழமை கட்டியது 36 மணி நேரம் முளைத்துக்கொண்டிருந்தது, வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இப்போது சனிக்கிழமை கட்டுவதில்லை. முளை வெள்ளையாக எட்டிப் பார்த்து, தானியத்தின் நீளத்தைத் தாண்டும் முன்பே, சுமார் 24 மணி நேரத்தில் பிரித்துக் காயப்போடுகிறோம்.