ஈரான்காரரின் அகதி வாக்குமூலம்: வரிசையை மாற்றாதீர்கள், திகதியை அழிக்காதீர்கள்

"அண்ணா, நான் ரொறன்ரோ வந்து கொஞ்ச நாள்தான். என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ஈரான்காரர் தன் அகதிக் கோரிக்கைக்கான கதையைப் பாரசீகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய கூட்டாளி வாசித்து ஆங்கிலத்தில் சொல்ல, நான் ரைப் பண்ணுகிறேன். திகதிகளை மாற்றினால் ஒரு நாள் முன்பின்னாக வருகிறது. கதையும் முன்னுக்கும் பின்னுக்குமாகப் போகிறது. எல்லாவற்றையும் காலவரிசைப்படி அடுக்கி, திகதிகளை ஆங்கிலத் திகதியாக்கிக் கொடுத்துவிடலாமா?"

அடுக்க வேண்டாம் தம்பி. திகதியை மாற்றலாம், ஆனால் ஈரான் திகதியை அழித்துவிட்டு அல்ல. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் இங்கே அகதிக் கேஸ் பார்க்கும் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் கன காலமாக வேலை செய்கிறேன். எனக்குப் பாரசீகம் வாசிக்கத் தெரியாது. ஆனால் பாரசீக மொழிபெயர்ப்பாளர்களோடு இருந்து தாள் தாளாகத் திகதி சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒரு நாள் வித்தியாசம். ஈரானின் ஆண்டு சூரிய ஆண்டு. மார்ச் 20 அல்லது 21இல் ஃபர்வர்தீன் மாதம் முதலாம் நாளோடு தொடங்கும். முதல் ஆறு மாதங்களுக்கு 31 நாள், அடுத்த ஐந்துக்கு 30, கடைசி மாதமான எஸ்ஃபந்துக்கு 29. நெட்டாண்டில் அதற்கும் 30. அவர்களுடைய நெட்டாண்டும் நம்முடைய லீப் வருடமும் ஒரே நேரத்தில் வருவதில்லை, அதனால்தான் ஒரு நாள் வழுக்குகிறது. 1401ஆம் ஆண்டின் எட்டாம் மாதமான ஆபான் 4 என்பது 26 ஒக்டோபர் 2022. அதே ஆபான் 4, 1403இல் 25 ஒக்டோபர் 2024. ஒரு வருடத்து அட்டவணையைப் பார்த்து இன்னொரு வருடத்துக்கு எழுதினால் பிழை வரலாம். ஒவ்வொரு திகதியையும் அதன் ஆண்டோடு சேர்த்துத் தனித்தனியாக மாற்றுங்கள். மாற்றும் பக்கத்தில் ஹிஜ்ரி என்று இரண்டு வகை இருந்தால், சூரிய ஹிஜ்ரியைத் தெரிவு செய்யுங்கள். சந்திர ஹிஜ்ரியில் 1401 என்று போட்டால் 1980, 81 என்று வரும். அந்தப் பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். ஒரு நாள் பிழைதான் ஒளிந்திருந்து கழுத்தை அறுக்கும்.

அதைப் பிடிக்கக் கிழமையைப் பாருங்கள். ஈரான்காரர்கள் கதை சொல்லும்போது பெரும்பாலும் கிழமையையும் சொல்லிவிடுவார்கள். வாக்குமூலத்தில் "புதன்கிழமை, ஆபான் 4" என்று இருந்து, 26 ஒக்டோபர் 2022உம் புதன்கிழமையாக இருந்தால் சரி. ஒத்து வராவிட்டால் உங்கள் கணக்கோ அவருடைய ஞாபகமோ பிசகியிருக்கிறது. எது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, நாட்கள் உண்மையான நாட்காட்டியில் உள்ளவை. வாக்குமூலம் இப்படித் தொடங்குகிறது: "ஷபே ஜொமே அன்று என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்." அடுத்த பந்தியில், 98ஆம் ஆண்டு ஆபானில் பெற்றோல் விலை ஏறியபோது தம்பியை அடித்த கதை வருகிறது. பிறகு, பொலிஸ் காவலில் இறந்த இளம்பெண் மாஹ்ஸா அமீனியின் நாற்பதாம் நாளுக்காகப் புதன்கிழமை சக்கெஸ் நகரத்து மயானத்துக்குப் போனது. திரும்பவும் கைது. "இரண்டு இரவு வைத்திருந்துவிட்டுச் சனிக்கிழமை மாலை விட்டார்கள்." கடைசியில், "தெய் மாதக் கடைசியில் துருக்கிக்குப் போய்விட்டேன்."

மாஹ்ஸா அமீனி இறந்தது 16 செப்டெம்பர் 2022, நாற்பதாம் நாள் 26 ஒக்டோபர், புதன்கிழமை. இது ஊரறிந்த நாள். விசாரணை செய்பவரும் பார்த்துவிடுவார். இப்போது "ஷபே ஜொமே" என்பதைக் கூட்டாளி "வெள்ளி இரவு" என்று சொன்னால் நீங்கள் அப்படியே ரைப் பண்ணிவிடுவீர்கள். ஆனால் ஈரானில் அது வியாழக்கிழமை இரவு. வெள்ளிக்கு முந்திய இரவைத்தான் வெள்ளியின் இரவு என்பார்கள். அப்படியானால் கைது 27 ஒக்டோபர் வியாழன் இரவு. வியாழன், வெள்ளி என்று இரண்டு இரவு, 29 சனி மாலை விடுதலை. கணக்கு நேராக வருகிறது. வெள்ளி இரவு என்று எழுதியிருந்தால் நடுவில் ஒரு இரவுதான் இருக்கும். ஆள் உண்மையையே சொல்லியிருக்க, "இரண்டு இரவு என்றீர்களே, எப்படி?" என்று ஹியரிங்கில் கேள்வி வரும். இப்படி இரவு என்று வரும் இடமெல்லாம், விடிந்தால் என்ன கிழமை என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வாக்குமூலத்தோடு ஒரு மருத்துவச் சீட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 1401/8/9. ஈரானில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். எட்டாம் மாதம் ஆபான். ஆகவே ஆபான் 9, 31 ஒக்டோபர் 2022. யாராவது ஆண்டை மட்டும் மாற்றி, 8 என்பதை ஓகஸ்ட் என்று எடுத்தால் 9 ஓகஸ்ட் ஆகிவிடும். கைதாகு முன்பே காயத்துக்கு மருந்து போட்ட கதையாகிவிடும். கையெழுத்துச் சீட்டானால் இன்னொரு தொல்லை: பாரசீக எண்களில் 2உம் 3உம் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். மங்கலாக இருந்தால் ஊகிக்காமல், தெளிவில்லை என்று மொழிபெயர்ப்பிலேயே எழுத வேண்டும்.

"தெய் மாதக் கடைசி" என்பதையும் கவனியுங்கள். தெய் 1401 என்பது 22 டிசெம்பர் 2022 முதல் 20 ஜனவரி 2023 வரை. நம்முடைய மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டில் காலை வைத்துக்கொண்டு நிற்பதுபோலத்தான். அதை "டிசெம்பர் கடைசி" என்று எழுதினால் மூன்று கிழமை முந்திவிடும். கடவுச்சீட்டில் துருக்கி முத்திரை 19 ஜனவரி 2023 என்று இருந்தால், அது தெய் 29. அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. பிழை ஆங்கிலத் தாளில்தான் இருக்கும். அவர் நாள் சொல்லாத இடத்தில் நீங்களும் நாள் போடாதீர்கள். "தெய் 1401 கடைசியில், அதாவது ஜனவரி 2023 நடுப்பகுதியில்" என்றால் போதும். அதேபோல 1401 என்று வெறும் ஆண்டு வந்தால் 2022 என்று முடித்துவிடக் கூடாது. அது மார்ச் 2022 முதல் மார்ச் 2023 வரை. முத்திரையைப் பார்த்துக் கதைக்குள் 19 என்று நீங்களே செருகுவதும் கூடாது. ஹியரிங்கில் திகதி கேட்டு அவர் "நினைவில்லை, கடைசிப் பக்கம்" என்று சொன்னால், தாளில் இருப்பது யாருடைய ஞாபகம் என்ற கேள்வி எழும்.

சரி, வரிசைக்கு வருவோம். மேலே உள்ள கதையில் இரண்டு ஆபான் இருக்கிறது, பார்த்தீர்களா? ஒன்று 1398, பெற்றோல் விலைப் போராட்டம். அது ஆபான் 24, 15 நவம்பர் 2019இல் தொடங்கியது. மற்றது 1401. ஆண்டை ஈரான்காரர்கள் 98 என்று கடைசி இரண்டு இலக்கத்தால் சொல்வார்கள், பல இடத்தில் அதையும் விட்டுவிட்டு "அந்த ஆபானில்" என்பார்கள். இருந்த இடத்தில் இருக்கும்வரை, பக்கத்து வசனத்தை வைத்து எந்த ஆபான் என்று விளங்கும். நீங்கள் பந்திகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினால் "அதற்கு அடுத்த நாள்", "அந்த இரவு" எல்லாம் அறுந்துபோய் வேறொரு சம்பவத்தில் ஒட்டிக்கொள்ளும். தம்பி அடிபட்டது மூன்று வருடம் தள்ளி வந்து நிற்கும், அதுவும் அழகான ஆங்கிலத்தில்.

கைதில் தொடங்கிப் பின்னுக்குப் போவது ஆளுக்கு இயல்பு. பயந்த இடத்திலிருந்துதான் பலரும் பேசத் தொடங்குகிறார்கள். விசாரிப்பவருக்குக் காலவரிசை தேவைதான். அதை மொழிபெயர்ப்புக்குள் செய்யாமல் தனியாக ஒரு தாளில் செய்யுங்கள்: ஒரு பக்கம் ஈரான் திகதி, கிழமை, ஆங்கிலத் திகதி, எதிரே சம்பவம், மூலத்தில் எந்தப் பந்தி. அது சட்டத்தரணிக்கு. அவர் அதைப் பார்த்துவிட்டு, நண்பரையும் கேட்டு, கோரிக்கைப் படிவத்தில் போகும் கதையை முன்பின்னாக விடுவதா, வரிசைப்படி புதிதாக எழுதுவிப்பதா என்று முடிவு செய்வார். புதிதாக எழுதினால் அது நண்பரின் புது வாக்குமூலம், அவர் வாயால் வந்தது. மொழிபெயர்ப்பு என்ற பெயரில் நீங்கள் கோர்த்தது அல்ல. இந்த இரண்டும் வேறு.

வாசிக்கும் கூட்டாளி நல்லெண்ணத்தில் செய்யும் இன்னொன்றையும் கவனியுங்கள். பாரசீகத்தில் யார் என்று சொல்லாமலே "பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று எழுதலாம். அவர் "பொலிஸ் பிடித்தது" என்று நிரப்பிவிடுவார். நண்பரோ பின்னர் ஹியரிங்கில் "சிவில் உடுப்பில் வந்தார்கள், யாரென்று தெரியாது" என்பார். மூலத்தில் ஆள் இல்லையென்றால் ஆங்கிலத்திலும் வேண்டாம்.

மொழிபெயர்த்துக்கொண்டு போகையில் மூலத்திலேயே பிழை தெரிந்தால், உதாரணமாக வியாழன் இரவு என்று எழுதிவிட்டு ஆபான் 6 என்று திகதி போட்டிருந்தால் (ஆபான் 6 வெள்ளிக்கிழமை), அதைத் திருத்தாமல் அப்படியே கொண்டுவந்து, தனித்தாளில் குறித்து வையுங்கள். படிவம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றால் நண்பரே மூலத்தைத் திருத்தலாம். கொடுத்தாகிவிட்டது என்றால் அதற்கும் வழி இருக்கிறது: மாற்றிய பக்கத்தில் மாற்றத்துக்குக் கீழ்க்கோடு போட்டு, கையெழுத்தும் திகதியும் இட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக அகதிப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சேர்த்துவிட வேண்டும். முன்கூட்டியே திருத்திய திகதியும் மேசையில் மடக்கப்பட்ட பிறகு திருத்திய திகதியும் ஒன்றாக எடுபடாது.

முடிந்த பிறகு, யாராவது ஆங்கிலத் தாளைப் பாரசீகத்தில் அவருக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். திகதிகளை ஈரான் திகதியாகவே சொல்ல வேண்டும். 27 ஒக்டோபர் என்றால் அவர் தலையாட்டிவிடுவார். ஆபான் 5 என்றால்தான் "இல்லை, அது அடுத்த நாள்" என்று வாய் திறப்பார். வாசிப்பவர் அந்தக் கூட்டாளியாக இல்லாமல் வேறொருவராக இருந்தால் நல்லது.

கடைசியாக, உங்களைப் பற்றி. மொழிபெயர்ப்போடு ஒரு உறுதிமொழி போகும்: மொழிபெயர்த்தவர் பெயர், எந்த மொழியிலிருந்து, சரியான மொழிபெயர்ப்பு என்ற வாசகம், கையெழுத்து. பாரசீகம் தெரியாத நீங்கள் அதில் கையெழுத்து வைக்க முடியாது. கூட்டாளி வைப்பாரானால் நாளைக்குக் கேள்வி அவரை நோக்கித்தான் வரும், அதற்கு அவர் தயாரா என்று கேளுங்கள். நண்பருக்கு லீகல் எய்ட் கிடைத்திருந்தால் மொழிபெயர்ப்புச் செலவையும் அதில் கேட்கலாமா என்று சட்டத்தரணியிடம் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் இதுவரை ரைப் பண்ணியதை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அந்தத் தனித்தாளை மட்டும் போட்டுக் கொடுங்கள்.