பட்டாணி, சின்ன வெங்காயம் வாங்கலாம். பொரியல் காய் வேண்டாம்

கேள்வி: மதியச் சாப்பாடு மட்டும் போடுகிற சின்ன மெஸ் நடத்துகிறேன். தினமும் 80 சாப்பாடு போகும். காய் நறுக்க ஒரே ஒரு அக்காதான் இருக்கிறார். எதையெல்லாம் ஃப்ரோஸனாகவோ நறுக்கியதாகவோ வாங்கலாம்?

பதில்: நானும் இதே தொழில்தான். கிலோ விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சட்டியில் போய் விழுகிற ஒரு கிலோவுக்கு மொத்தம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

பட்டாணியையே எடுத்துக்கொள்வோம். தோலோடு கிலோ 60 ரூபாய் என்று வையுங்கள். ஒரு கிலோ உரித்தால் 400 முதல் 450 கிராம்தான் கிடைக்கும். அப்படியானால் உரித்த ஒரு கிலோவுக்கு இரண்டேகால் கிலோ வாங்க வேண்டும், 135 ரூபாய். அதை உரிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அக்காவின் சம்பளத்தை மணிக்கு 60 ரூபாய் என்று கணக்கிட்டால் இன்னொரு 30, 35 ரூபாய் சேரும். ஆக 165க்குப் பக்கம். ஃப்ரோஸன் பட்டாணி 130, 140க்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். தை, மாசியில் தோல் பட்டாணி 30 ரூபாய்க்கு இறங்கும்போது இதே கணக்கு 100 ரூபாய்தான் வரும். அப்போது உரித்தே போடுங்கள், ருசியும் தூக்கலாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஃப்ரோஸன் பட்டாணி ஏற்கெனவே வெந்நீரில் போட்டு எடுக்கப்பட்டது. உருளைக்கிழங்கோடு சேர்த்து விசில் விட்டால் குழைந்து தோல் தனியாகக் கழன்றுவிடும். குருமா கொதித்து இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போட்டால் போதும்.

அடுத்தது சின்ன வெங்காயம். சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் இது இல்லாமல் முடியாது, உரிப்பதோ பெரிய வேலை. கிலோவுக்கு முக்கால் மணி நேரமாவது போகும், தோலில் எடையும் கொஞ்சம் குறையும். உரித்த வெங்காயம் கிலோவுக்கு 40, 50 ரூபாய் கூடுதல் என்றாலும் எனக்கு அது சரியான விலைதான். ஆனால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பையைத் திறந்ததும் மோந்து பாருங்கள். அடியில் கொழகொழவென்று நீர் தேங்கியிருந்தால் அது நேற்று உரித்தது. உரித்த பூண்டுக்கும் இதே பரிசோதனைதான்.

இங்கேதான் பலரும் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள். உரித்ததை வாங்கியதால் மிச்சமான நேரத்தில் அக்கா என்ன செய்கிறார்? காலை ஏழிலிருந்து பதினொன்று வரை உங்கள் அடுப்பு காய்க்காகக் காத்திருக்கிறது என்றால் அந்த முக்கால் மணி நேரம் தங்கம். கூட்டு சீக்கிரம் ஏறும், இன்னொரு பொரியல்கூட சேர்க்கலாம். பத்து மணிக்கே நறுக்கி முடித்துவிட்டு அவர் சும்மா இருக்கிறார் என்றால், அதே சம்பளத்தையும் கொடுத்து உரித்த கூலியையும் கொடுக்கிறீர்கள். அப்படியானால் வாங்க வேண்டாம். ஒரு வாரம் எந்தக் காய்க்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சுவரில் ஒரு தாளை ஒட்டி எழுதி வாருங்கள். விடை அதிலேயே தெரிந்துவிடும்.

பொரியல் காய்களை மட்டும் ஃப்ரோஸனில் வாங்காதீர்கள். பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனித்துகளாகிக் காயின் செல்களைக் கிழித்துவிடும். சட்டியில் போட்டதும் அந்த நீர் வெளியே வரும். பொரியல் வதங்காது, வேகும். மேலே தூவும் தேங்காயும் நனைந்து சொதசொதவென்று ஆகும். சந்தேகம் இருந்தால் அரை கிலோவை ஒரு வடிதட்டில் போட்டு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைத்து, காலையில் மறுபடி எடை போடுங்கள். வடிந்த நீருக்கும் காய் விலைதான் கொடுத்திருப்பீர்கள். ஃப்ரோஸன் இறால் வாங்குவதாக இருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், மேலே பனிப்பூச்சு பூசித்தான் விற்கிறார்கள்.

நறுக்கிய பெரிய வெங்காயமும் வேண்டாம், சில மணி நேரத்திலேயே நெடி ஏறிக் கசக்கும். முட்டைக்கோஸ் நறுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது, அதற்குப் போய்ப் பணம் எதற்கு? நறுக்கிய கத்தரிக்காய் கறுக்கும். கறுக்காமல் இருக்கத் தண்ணீரிலேயே ஊறப் போட்டிருந்தால் சாரம் போயிருக்கும்.

ஃப்ரோஸன் சரக்கு வந்து இறங்கும்போது பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். பட்டாணி தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது, வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறதா என்பதையும் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்காத பெட்டி என்றால் இரண்டு நாள் சரக்குக்கு மேல் வாங்கி அடைக்காதீர்கள்.