ரெஸ்யூமில் "தெலுங்கு: ஃப்ளூயன்ட்" என்று போட்டவன் சொல்கிறேன்

கேள்வி: எனக்குத் தமிழ், இங்கிலீஷ் தவிர தெலுங்கு, இந்தி, கொஞ்சம் கன்னடம் தெரியும். எல்லாம் ஒரே அளவில் இல்லை. ரெஸ்யூமில் பொய் சொல்லாமல் எப்படிப் போடுவது?

உங்கள் வீட்டிலும் தெலுங்குதான் பேசுவீர்கள், ஆனால் படித்தது தமிழ் மீடியம் என்று நினைக்கிறேன். என் கதையும் அதேதான். கோவில்பட்டிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

2016-இல் ஹைதராபாத்தில் ஒரு வேலைக்குப் போனேன். உதிரிபாகம் சப்ளை செய்பவர்களிடம் பேசி சரக்கு நேரத்துக்கு வரவைக்கிற வேலை. ரெஸ்யூமில் "தெலுங்கு: ஃப்ளூயன்ட்" என்று இருந்தது. நேர்காணல் எடுத்தவர் ஒரு பக்கக் கடிதத்தை நீட்டி, "இதில் என்ன கேட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்" என்றார். முதல் வரியையே என்னால் வாசிக்க முடியவில்லை. சரி, பேசிப் பார்க்கலாம் என்று அவரே சப்ளையராக நடித்தார். பேச்சில் "ஃபிர்யாது" என்று ஒரு சொல் வந்தது. எனக்குப் புரியவில்லை. புகார் என்று அர்த்தமாம். நம் ஊரில் பெரியவர்கள் சொல்லும் "பிராது"தான் அது என்று திரும்பி வரும்போது ரயிலில்தான் உறைத்தது. எங்கள் வீட்டுத் தெலுங்கில் சாப்பாடு, கல்யாணம், காடு கழனி எல்லாவற்றுக்கும் சொல் உண்டு. பில்லுக்கும் புகாருக்கும் தமிழைத்தான் எடுத்துக்கொள்வோம். "உங்களுக்குத் தெலுங்கு வரும், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தெலுங்கு வராது" என்றார் அவர். அவர் சொன்னது நியாயம்.

இந்தியில் நேர் எதிர். இந்தி பிரசார சபாவின் பிரவேசிகா தேர்வு வரை முடித்தவன் நான். எழுத்துத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து படித்தேன். கடிதம் கொடுத்தால் வாசித்துப் பொருள் சொல்லிவிடுவேன், போனில் ஒருவர் வேகமாகப் பேசினால் தொலைந்தேன். இந்த இரண்டு மொழிக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இரண்டுமே பொய்யாகிவிடுகிறது.

அதனால் மொழிக்கு ஒரு நிலை என்று போடாதீர்கள். பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று பிரித்துப் போடுங்கள். முடிந்தால் எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதையும் சேருங்கள். நான் மாற்றி எழுதியது இது:

தெலுங்கு: வீட்டு மொழி, பேச்சு சரளம், வாசிக்க எழுதத் தெரியாது.
இந்தி: பிரவேசிகா (2009), வாசிப்பு நன்று, பேச்சு அடிப்படை.
கன்னடம்: பேச்சு மட்டும், ஓசூரில் 8 மாதம் லாரி ஓட்டுநர்களிடம் தினமும் போனில் பேசிய பழக்கம்.

எழுதுவதற்கு முன் சோதித்துக்கொள்ளுங்கள். அந்த மொழிக்காரர் ஒருவரிடம் உங்கள் வேலையைப் பற்றி, வீட்டு விஷயம் இல்லாமல், 10 நிமிடம் பேசுங்கள். எந்த இடத்தில் தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ தாவுகிறீர்களோ அதுதான் உங்கள் எல்லை.

ஐரோப்பியக் கம்பெனிக்குப் போடுவதானால் தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரையிலான ஆறு நிலைகளில் சொல்லுங்கள், அங்கே அதுதான் புரியும். தேர்வு எழுதி வாங்கியதா, நீங்களே மதிப்பிட்டதா என்பதைப் பக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள். தேர்வு என்றால் ஆண்டும் வேண்டும், ஏனென்றால் பேசாத மொழி மங்கிவிடும். சான்றிதழும் முழுவதையும் சொல்லாது. ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதில் என்2 நிலை வாங்கியவர் பேசுவார் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

"இப்படி உண்மையைப் போட்டால் முதல் சுற்றிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள்" என்று இங்கே யாராவது சொல்லக்கூடும். தெலுங்கில் ஆவணம் தயாரிக்கிற வேலை என்றால் தள்ளத்தான் செய்வார்கள், அந்த வேலை நமக்கு ஆகாது. எனக்கு அடுத்த வேலை கிடைத்ததே "பேச்சு சரளம்" என்ற வரியால்தான். அங்கே தேவைப்பட்டது போனில் பேச ஆள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "வீட்டு மொழி தெலுங்கு" என்று எழுத ஆரம்பித்த பிறகு இரண்டு நேர்காணல்களில், "அப்போ நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில், "அப்போ தமிழ் உங்களுக்கு இரண்டாவது மொழியா?" என்றார்கள். நான் யோசிப்பதும் கணக்குப் போடுவதும் தமிழில். என் சாதியை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்த வரியை நான் எழுதவில்லை. இப்போது "வீட்டு மொழி" என்பதை எடுத்துவிட்டு "பேச்சு சரளம், வாசிக்க எழுதத் தெரியாது" என்று மட்டும் வைத்திருக்கிறேன். வேலைக்குத் தேவையான தகவல் எதுவும் அதனால் குறையவில்லை.