பாதிகள் கலைந்தாலும் இன்வெர்ஷன் கணக்கு பிசகாதது ஏன்?

கேள்வி: மெர்ஜ் சார்ட்டைக் கொஞ்சம் மாற்றினால் அணியில் உள்ள இன்வெர்ஷன்களை எண்ணிவிடலாம் என்கிறார்கள். ஆனால் இரண்டு பாதிகளையும் வரிசைப்படுத்தும்போதே எண்களின் பழைய இடங்கள் கலைந்துவிடுகின்றனவே! பிறகு எண்ணினால் எப்படிச் சரியாக வரும்?

பதில்:

இதே சந்தேகத்தோடு நானும் பல நாள் சுற்றியிருக்கிறேன். இடங்கள் கலைவது உண்மைதான். ஆனால் கலைவதால் எந்தக் கணக்கு கெட்டுப்போகுமோ, அதை அதற்கு முன்பே எடுத்து முடித்திருப்போம்.

இடப்பக்கம் பெரிய எண்ணும் அதற்கு வலப்பக்கம் எங்கோ சிறிய எண்ணும் இருந்தால் அந்த ஜோடி ஓர் இன்வெர்ஷன். அணியை நடுவில் வெட்டினால், ஜோடியின் இரண்டு எண்களும் இடப் பாதிக்குள்ளேயே இருக்கலாம், வலப் பாதிக்குள்ளேயே இருக்கலாம், அல்லது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கலாம். ஒரே பாதிக்குள் இருப்பவற்றை, அந்தப் பாதியை வரிசைப்படுத்தும் அழைப்பே எண்ணிக்கொண்டு வந்துவிடும். மிச்சம் குறுக்கு ஜோடிகள். அவற்றுக்கு ஓர் எண் எந்தப் பாதியைச் சேர்ந்தது என்பது மட்டுமே தேவை. பாதிக்குள் எத்தனையாவது இடம் என்பது தேவையே இல்லை. வரிசைப்படுத்தும்போது எந்த எண்ணும் பாதி தாண்டிப் போவதில்லை. அதனால் குறுக்கு ஜோடிகள் ஒன்றுகூடக் குறைவதில்லை, கூடுவதுமில்லை.

கையால் ஒன்று போட்டுப் பார்ப்போம்: 5, 2, 6, 1, 4, 3.

இடப் பாதி 5, 2, 6. அதற்குள் (5, 2) என்று ஒரே ஓர் இன்வெர்ஷன். வலப் பாதி 1, 4, 3. அதற்குள் (4, 3) மட்டும். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டன. பாதிகள் இப்போது 2, 5, 6 என்றும் 1, 3, 4 என்றும் வரிசையாகிவிட்டன. இனி இணைக்க வேண்டும்.

2, 1 இரண்டில் 1 சிறியது, அது முதலில் வெளியே போகிறது. அப்போது இடப் பாதியில் 2, 5, 6 மூன்றும் இன்னும் காத்திருக்கின்றன. 1 அந்த மூன்றையும் முந்திப் போகிறது, ஆகவே 3 இன்வெர்ஷன். அடுத்து 2 போகிறது. இடப்பக்கத்து எண் போகும்போது எதையும் கூட்டுவதில்லை. பிறகு 3 போகிறது, காத்திருப்பவை 5, 6, எனவே 2. பிறகு 4, மறுபடியும் 2. வலப் பாதி தீர்ந்தது. மீந்த 5, 6 அப்படியே பின்னால் ஒட்டிக்கொள்ளும். குறுக்கு ஜோடிகள் 7, முன்பு கிடைத்தவை 2, மொத்தம் 9. நம்பிக்கை வராவிட்டால் பழைய அணியில் ஒவ்வோர் எண்ணுக்கும் வலப்பக்கம் எத்தனை சிறியவை என்று எண்ணுங்கள்: 4, 1, 3, 0, 1, 0. அதுவும் 9தான்.

ஜாவாவில் இணைக்கும் லூப் இவ்வளவுதான். இடப் பாதி `mid`க்கு முன்னால் முடிகிறது, வலப் பாதி `mid`இல் தொடங்குகிறது.

```java
while (i < mid && j < right) {
    if (a[i] <= a[j]) {
        tmp[k++] = a[i++];
    } else {
        tmp[k++] = a[j++];
        count += mid - i;
    }
}
```

புதிதாகச் சேர்ந்தது கடைசி வரி ஒன்றுதான். காத்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் ஒரே கழித்தலில் முடிப்பதால் வேகம் மெர்ஜ் சார்ட்டின் வேகமாகவே நிற்கிறது. ஒரு லட்சம் எண்களுக்கு 17 அடுக்கு, அடுக்குக்கு லட்சம் நகர்த்தல். இரட்டை லூப் போட்டால் ஏறத்தாழ 500 கோடி ஜோடிகளை ஒப்பிட வேண்டியிருக்கும்.

லூப் முடிந்தபின் இடப் பாதியில் மீந்தவற்றுக்கும் சேர்த்து எதையாவது கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். மேலே 5, 6 இரண்டும் 1, 3, 4 வெளியேறியபோதே எண்ணப்பட்டுவிட்டன.

`<=` இருக்கும் இடத்தில் `<` போட்டால் வேறு வம்பு. சம எண்கள் வரும்போது வலப்பக்கத்து எண் முதலில் போகும், 4, 4 என்ற அணிக்கு விடை 1 என்று வரும். வரிசை சரியாகவே இருக்கும் என்பதால் பார்த்தவுடன் பிடிபடாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது `count`இன் வகைதான். `int` என்று அறிவித்திருந்தேன். சோதனைக்கு ஒரு லட்சம் எண்களை இறங்கு வரிசையில் கொடுத்தேன். அதில் எல்லா ஜோடியும் இன்வெர்ஷன், விடை 4,999,950,000 வந்திருக்க வேண்டும். வந்ததோ 704,982,704. எதிர்மறை எண் வந்திருந்தால் உடனே விழித்திருப்பேன். இது நல்ல பிள்ளை போல இருந்ததால் இணைக்கும் லூப்பையே ஒரு மாலை முழுக்கக் குடைந்தேன். பிறகுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4,294,967,296, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கு என்று கவனித்தேன். `long` என்று மாற்றியதும் சரியானது. பாதிகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும் ஃபங்ஷனின் வகையையும் மறக்காமல் `long` ஆக்குங்கள்.