பாப்பா வரும்போது பெரியவளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது எட்டு மாதம். இரண்டாவது பிரசவத்துக்கு அடுத்த மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். பாபநாசம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், இரண்டு வாரம்தான் லீவு. "பாப்பா வேணாம், உள்ளேயே இருக்கட்டும்" என்று மகள் இப்போதே என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வருகிறவர்கள் வேறு, "தம்பி வந்துட்டா உன்னை யாரு தூக்குவா?" என்று கேலி செய்கிறார்கள். குறுவை நெல் போட்ட பணத்தில் பேட்டரி கார் வாங்கித் தருகிறேன் என்கிறார் மாமனார். "பாப்பாவே கொண்டு வந்துச்சுன்னு சொல்லிக் குடுக்கா, பொறாமை வராது" என்கிறாள் தங்கை. பரிசு கொடுத்தால் உண்மையிலேயே பொறாமை குறையுமா? எதை, எப்போது கொடுப்பது?
- ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

குறையும். ஆனால் பரிசின் விலையால் குறையாது. அந்தப் பொருள் அவளை உங்கள் பக்கத்தில் உட்கார வைக்கிறதா, உங்களை விட்டுத் தள்ளிக்கொண்டு போகிறதா என்பதைப் பொறுத்துத்தான் குறையும். பேட்டரி கார் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து நாலு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். தங்கச்சி பிறந்ததும் அவனுக்கும் பெரிய கார் வந்தது. முதல் நாள் சாயங்காலம் முழுக்க ஓட்டினான். பிறகு தொடவில்லை, தொட்டிலில் கொண்டுபோய் மோதுவதற்கு மட்டும் எடுத்தான். கார் ஓட்ட வாசலுக்குப் போக வேண்டும், அம்மாவோ உள்ளே பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தன்னை வெளியே அனுப்பத்தான் கார் வாங்கினார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் தோன்றும்.

காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, குளிப்பாட்டக்கூடிய ஒரு ரப்பர் பொம்மை, சின்ன பிளாஸ்டிக் பேசின், பழைய துண்டிலிருந்து கிழித்த ஒரு துணி, இந்த மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவனுக்கென்று கொடுக்கச் சொன்னேன். அந்த வீட்டில் அம்மாச்சி தினமும் காலையில் மணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பாப்பாவைக் கால்மேல் போட்டுத்தான் குளிப்பாட்டுவார். பக்கத்திலேயே இவனுக்கும் ஒரு குட்டி மணை போட்டார்கள். இவனும் காலை நீட்டி, பொம்மையைக் குப்புறப் போட்டு, "முதுகுக்கு ஊத்து, இப்ப கழுத்து மடிப்பு" என்று அம்மாச்சி சொல்லச் சொல்லச் செய்தான். பாப்பாவுக்கு நடப்பதெல்லாம் அவன் கையாலும் நடந்தது.

ஒருநாள் பொம்மையின் தலையைப் பேசினுக்குள் அமுக்கி, "அழுவாத, வாய மூடு" என்றான். அம்மாச்சி பதறிப்போய் அதட்ட வாயெடுத்தார். அம்மாதான் அவரை நிறுத்திவிட்டு, "பாப்பா ரொம்ப அழுவுதுன்னு கோவமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவன் தலையாட்டிவிட்டு மடியில் வந்து படுத்துக்கொண்டான். பொம்மைதான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பாப்பாவிடம் காட்டக்கூடாத கோபத்தைப் பொம்மையிடம் காட்டலாம், நாமும் அதைக் கண்ணால் பார்க்கலாம். உங்கள் மகளும் பொம்மையை அடித்தால் திட்டாதீர்கள், "பாவம், அதுக்கு வலிக்கும்" என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பையன் பாப்பாவைக் கிள்ளுவது ஒரு மாதத்தில் நன்றாகக் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை, இந்த வயதில் நிற்கவும் நிற்காது.

பொம்மை வாங்கும்போது கவனியுங்கள். பட்டன் கண், கழன்று வரும் விசில், பேட்டரி எதுவும் இருக்கக் கூடாது. நாளைக்குப் பாப்பா தவழ ஆரம்பித்ததும் கழன்ற துண்டு அதன் வாய்க்குத்தான் போகும், பட்டன் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே வெற்றிடமாக ஓட்டை உள்ள பொம்மை என்றால் தண்ணீர் தேங்கிக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், தினமும் பிழிந்து வெயிலில் வையுங்கள். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை நம் ஊருக்கே அழகு, ஆனால் அதை நனைக்க முடியாது, இந்த வேலைக்கு ஆகாது.

கொடுக்க வேண்டியது அவள் பாப்பாவை முதன்முதலாகப் பார்க்கும் அன்றைக்கு. ஆஸ்பத்திரியில் சின்னக் குழந்தைகளை உள்ளே விடுவார்களா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். விடமாட்டார்கள் என்றால் வீட்டுக்கு வந்த முதல் நாள். அவள் உள்ளே வரும்போது பாப்பா உங்கள் கையில் இருக்க வேண்டாம், தொட்டிலிலோ அம்மாச்சி மடியிலோ இருக்கட்டும். உங்கள் இரண்டு கையும் முதலில் அவளுக்கு. ஆபரேஷன் ஆகியிருந்தால் தூக்க முடியாது, வயிற்றில் தலையணையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். "பாப்பா இருக்கு, உன்னைத் தூக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "அம்மாவுக்குத் தையல் ஆறணும்" என்று சொல்லுங்கள், அதுதானே உண்மை. பாப்பாவை அவளாகக் கேட்கும்போது காட்டுங்கள், பெட்டி அதற்குப் பிறகு.

பாப்பா கொண்டு வந்தது என்று சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. "எந்தக் கடையில வாங்குச்சு?" என்று கேட்கும் வயது அவளுக்கு. "நீ அக்கா ஆனதுக்கு அம்மா உனக்குன்னே வாங்கி வெச்சேன்" என்றால் போதும், பரிசு உங்களிடமிருந்து வருவதுதான் அவளுக்குப் பெரிது. அதோடு, அது முழுக்க அவளுடையது. "பாப்பாவுக்கும் கொஞ்சம் குடு" என்று கேட்கக் கூடாது, தப்பு செய்தால் பிடுங்கி வைக்கவும் கூடாது. பிடுங்கினால் அது பரிசு இல்லை, லஞ்சம் என்று ஆகிவிடும்.

கணவரின் இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரியவளைக் கடைவீதிக்கு அழைத்துப்போய் அவர் பொழுதுபோக்கிக் காட்டுவார், நீங்கள் பாப்பாவோடு இருப்பீர்கள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. தினமும் ஒரு கால் மணி நேரமாவது அதை மாற்றுங்கள். பாப்பா அவர் கையில், பெரியவள் உங்களோடு. அவளுக்குக் குறைவது அப்பா இல்லை, நீங்கள். அவர் கிளம்பிய பிறகு அந்தக் கால் மணி நேரத்தை உங்கள் அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

பாப்பாவுக்குக் காப்பு போடும் அன்றைக்கு ஆளாளுக்குப் பாப்பா கையில்தான் திணிப்பார்கள். இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி உங்கள் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள், அன்று காலையிலேயே பெரியவளுக்குப் போட்டுவிடட்டும். தம்பி என்று சொல்லிக் கேலி செய்பவர்களிடம், "பாப்பான்னு மட்டும் சொல்லுங்க, தூக்க நாங்க இருக்கோம்" என்று அவள் காதுபட உடனே சொல்லிவிடுங்கள். தம்பி என்று நம்பியிருந்து தங்கை வந்தால் அது இன்னொரு ஏமாற்றம்.

நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு திரும்பலாம், பால் பாட்டில் கேட்கலாம், மழலை பேசலாம். சில வாரத்தில் தானாகப் போய்விடும், கண்டிக்காதீர்கள். எவ்வளவு பாசமாக இருந்தாலும் அவளையும் பாப்பாவையும் தனியே விட்டுவிட்டு நகராதீர்கள். இரண்டு மாதம் கழிந்தும் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை, பேச்சு குறைந்துகொண்டே போகிறது, பாப்பாவைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துகிறாள் என்றால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

மாமனாரின் காரை அவளுடைய நாலாவது பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கு அது கார் மட்டும்தான், அவள் ஆசை தீர ஓட்டுவாள்.